120-ஆல் வகுத்த கணக்கு

கோபியில் வீட்டில் வைத்துச் சேலை விற்க ஆரம்பித்து எனக்கு இது நாலாவது வருடம். முதல் மூன்று வருடமும் கடைக்காரர் சொல்லும் விலைக்கு ஒவ்வொரு சேலையாகப் பார்த்துப் பார்த்து எடுத்துத்தான் விற்றேன். போன தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் முதல்முறையாக ஒரு பேல் முழுசாக எடுத்தேன். சூரத் சரக்கு, ஈரோட்டில் ஒரு மொத்தக் கடையில் பேசி வாங்கியது. 120 உருப்படி, மொத்தமாக 42,000 ரூபாய். "லாட் சரக்கும்மா, பிரிச்சுக் காட்ட முடியாது, ரிட்டர்னும் கிடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். மேலே இருந்த நாலு சேலையை மட்டும் உருவிக் காட்டினார். நாலும் நன்றாக இருந்தன.

அந்தப் பேலில் நான் போட்ட விலைக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அது தப்பான கணக்கு. ஆனால் பார்க்கிறபோது எந்த இடத்திலும் தப்பாகத் தெரியாது. என்னைப் போல வீட்டு வியாபாரம் செய்கிற பலரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் செலவு. 42,000-க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2,100. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர்கள் இந்தப் பணத்தைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள். பதிவு இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது திரும்பி வராது, அதனால் அடக்கத்தில் சேர்த்தே ஆக வேண்டும். அப்புறம் மினி வண்டி வாடகை 1,100. இரண்டு பக்கமும் ஏற்று, இறக்கு கூலி 400. சேலைக்கு ஒன்றாகப் போடும் கவர் 600. நான் போய்வந்த பஸ்ஸும் சாப்பாடும் 300. எல்லாம் சேர்ந்து 46,500 ரூபாய். இதுவரை என் கணக்கு சரிதான். சின்னச் செலவு எதையும் விடவில்லை.

அடுத்தது 46,500-ஐ 120-ஆல் வகுத்தேன். ஒரு சேலைக்கு 387 ரூபாய் 50 காசு வந்தது. நூற்றுக்கு இருபது லாபம் வேண்டும் என்று நினைத்தேன். 387.50-க்கு 20 சதவீதம் 77.50. கூட்டினால் 465. நோட்டில் 465 என்று எழுதி வட்டம் போட்டுவிட்டேன். எங்கள் தெருவில் இந்த ரகச் சேலைக்கு 500, 550 தாராளமாகக் கொடுப்பார்கள். 465 என்றதும் சனம் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் பேலை முழுசாகப் பிரித்தேன். நாலாவதோ ஐந்தாவதோ பாட்டில் பச்சையில் ஒரு சேலை. மடிப்பில் பார்த்தால் குறையே தெரியாது. உதறி விரித்ததும் முந்தானையின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பிரிண்டே இல்லை, வெறும் பச்சைத் துணி. துணியில் ஒரு சுருக்கம் விழுந்த நிலையிலேயே அச்சு ஏறினால் இப்படித்தான் வெள்ளைக்கோடோ வெற்றிடமோ நின்றுவிடும். அதை மடிக்கிறபோது நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். பிரிக்காமல் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அன்று ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். 9 சேலை சுத்தமாகக் கட்டவே முடியாதவை: ஓட்டை, முந்தானையில் பிரிண்ட் இல்லாதது, இரண்டு சேலை 5 மீட்டர்கூட இல்லாத துண்டு. இன்னொரு 11 சேலையில் சின்னக் குறை: எண்ணெய்க் கறை, ஜாக்கெட் துணி இல்லாதது, ஓரத்தில் நூல் இழுத்தது. ஆக நல்ல சேலை என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் எடுத்துக் காட்டக்கூடியவை 100.

இந்த இடத்தில் நான் நோட்டைத் திறந்து கணக்கைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 465 என்று அக்கம் பக்கத்தில் சொல்லிவிட்டேன், இனி மாற்றினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. டேமேஜ் இருபதையும் பீரோவுக்குள் தனியாகக் கட்டி வைத்துவிட்டு, நல்ல நூறையும் 465 மேனிக்கு விற்றேன். பொங்கலுக்குள் விற்றுத் தீர்ந்தது. டப்பாவில் இருந்த பணத்தை எண்ணினேன். 46,500. நான் போட்ட அதே 46,500. மாதக்கணக்கில் வீடு முழுக்கச் சேலையை விரித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டு, ஒரு ரூபாய் லாபம் இல்லை.

என் அத்தை முப்பது வருடமாக ஊர் ஊராகத் தலையில் மூட்டை வைத்துக்கொண்டு போய்த் தவணைக்குச் சேலை விற்றவர். இப்போது முழங்கால் வலி, வீட்டோடு இருக்கிறார். அவரிடம் நோட்டைக் காட்டி, "அத்தை, எங்க தப்பாச்சுன்னு பாருங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"எத்தனையால வகுத்தே கண்ணு?"

"நூத்தியிருபது."

"வித்தது எத்தனை?"

"நூறு."

"அப்புறம் மத்த இருபதுக்கு யாரு காசு குடுக்கறது?"

அவ்வளவுதான் கேட்டார். வாங்கின எண்ணிக்கையால் வகுத்துவிட்டு, விற்கிற எண்ணிக்கைக்கு விலை வாங்கியிருக்கிறேன். நடுவில் இருந்த இருபது சேலையின் அடக்கம், 7,750 ரூபாய், எந்தச் சேலையின் விலையிலும் ஏறவில்லை. 46,500-ஐ 100-ஆல் வகுத்தால் ஒரு நல்ல சேலையின் அடக்கமே 465. நான் லாபம் வைத்த விலை என்று நினைத்தது வெறும் அடக்க விலை.

இது என் பேலில் மட்டும் தற்செயலாக நடந்தது இல்லை என்பதை அப்புறம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. 120-ல் 20 என்பது ஆறில் ஒரு பங்கு. அடக்கத்தின் மேல் 20 சதவீதம் என்பது, ஐந்து பங்காக இருந்ததை ஆறு பங்காக ஆக்குவது. சரக்கில் ஆறில் ஒன்று கழிந்தால் ஆறு பங்கு மறுபடியும் ஐந்தாகிவிடுகிறது. அதனால் 20 சதவீத லாபம் வைத்து வாங்கின எண்ணிக்கையால் வகுக்கிற யாருக்கும், ஆறுக்கு ஒரு சேலை டேமேஜ் ஆனால் லாபம் முழுசும் போய்விடும், பேலின் விலை எதுவாக இருந்தாலும் சரி. 25 சதவீதம் வைத்தால் ஐந்துக்கு ஒன்று கழிந்தால் போகும். 10 சதவீதம்தான் வைக்கிறேன் என்கிறவருக்குப் பதினொன்றுக்கு ஒன்று கழிந்தாலே போதும். லாட் சரக்கில் பதினொன்றுக்கு ஒன்று என்பது சாதாரணம்.

அத்தை கணக்குப் போடுகிற முறையே வேறு. ஒரு சேலையின் விலை என்ன என்று அவர் ஆரம்பிப்பதே இல்லை. "இந்தப் பேலு எனக்கு மொத்தமா எவ்வளவு குடுக்கோணும்?" என்பதுதான் முதல் வரி. போட்ட முதல் 46,500. வேண்டிய லாபம் அதில் 20 சதவீதம், 9,300. ஆக இந்தப் பேல் கொடுக்க வேண்டியது 55,800. அதற்குக் கீழே அடுத்த வரி, டேமேஜ் எவ்வளவு கொடுக்கும் என்பது. பிறகு மீதியை நல்ல சேலையின் எண்ணிக்கையால் வகுப்பது.

டேமேஜ் கொடுக்கும் பணத்தை மதிப்பிடுவதில்தான் அனுபவம் வேண்டும். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே அதன் விலை. சேலையில் இடுப்பில் செருகும் உள்பக்கத்து முனையில், முதல் ஒரு முழத்துக்குள் சின்ன ஓட்டையோ கறையோ இருந்தால் கட்டினபின் வெளியே தெரியாது. அதைச் சொல்லி, காட்டி, குறைத்துக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவார்கள். அதே ஓட்டை கொசுவத்தில் வந்தால் நடக்கிறபோது தெரியும். முந்தானையில் வந்தால் எந்த விலைக்கும் சேலையாகப் போகாது. ஜாக்கெட் துணி இல்லாதது ஒரு பெரிய குறையே இல்லை. இந்த ரகங்களில் சேலை ஐந்தரை மீட்டர், ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டர், ஆக 6.30 மீட்டர் வரும். ஜாக்கெட் துணி இல்லை என்றால் அதற்கான விலையைக் குறைத்தால் போதும். குறையைச் சொல்லாமல் விற்பதை அத்தை ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார். நானும் அப்படித்தான்.

அந்தப் பதினொன்றை 250 மேனிக்குக் கொடுத்தால் 2,750. கட்டவே முடியாத ஒன்பதைப் பாவாடை தைக்கிற, தலையணை உறை தைக்கிற ஒரு அம்மா 50 மேனிக்கு எடுத்துக்கொள்வார், 450. இரண்டும் சேர்ந்து 3,200. இதை 55,800-ல் கழித்தால் 52,600. அதை 100-ஆல் வகுத்தால் 526 ரூபாய்.

நான் போட்டது 465, போட்டிருக்க வேண்டியது 526. சேலைக்கு 61 ரூபாய் வித்தியாசம், 100 சேலைக்கு 6,100. எங்கள் தெரு 500, 550 கொடுக்கக்கூடிய தெரு என்பதை நினைக்கிறபோதுதான் மனசு ஆறவில்லை. விலை ஏற்றியிருந்தாலும் விற்றிருக்கும்.

டேமேஜ் பணத்தைக் கழிப்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அது கைக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்தான் கழிக்கலாம். தெரியாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தால் விலை 558. நான் இப்போது முதலில் 558 என்று எழுதிவிட்டு, டேமேஜ் போனபின் மிச்சச் சேலைகளில் இறக்கிக் கொடுக்கிறேன். இறக்குவது எளிது, ஏற்றுவது முடியாது.

இன்னொரு விஷயம், லாபம் எதன் மேல் 20 என்பது. மேலே நான் போட்டதெல்லாம் அடக்கத்தின் மேல் 20. கைக்கு வருகிற ஒவ்வொரு நூறிலும் 20 எனக்கு மிச்சமாக வேண்டும் என்று நினைத்தால் அது வேறு கணக்கு. அப்போது 46,500 என்பது வரவில் 80 பங்கு. அதை 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும், 58,125 வரும். டேமேஜ் 3,200 போக நல்ல சேலைக்கு 549 ரூபாய் சொச்சம், 550 என்று வைக்கலாம். இரண்டுமே சரியான கணக்குதான். இரண்டு பேர் கூட்டாக எடுக்கிறபோது எந்த 20 என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

சரி, 526 வந்துவிட்டது. அதை நூறு சேலைக்கும் ஒரே விலையாக வைப்பதா? அத்தையிடம் கேட்டபோது சிரித்தார். ஒரே விலை வைத்தால் என்ன நடக்கும் என்பது முதல் வாரத்திலேயே தெரியும். ஜரிகை பார்டர் போட்டவை, பளிச்சென்ற நிறங்கள் எல்லாம் முதல் நாலு நாளில் போய்விடும். அழுக்குப் பழுப்பு, மங்கின ஊதா, பெரிய பெரிய பூப்போட்டவை கடைசிவரை நிற்கும். நின்றதை 350-க்குத் தள்ளுவோம், முன்னால் போனதற்கு அதிகம் வாங்கியிருக்கலாமே என்று அப்புறம் வருத்தப்படுவோம்.

அதனால் பிரித்த அன்றே நல்ல நூறையும் மூன்று குவியலாக வைக்க வேண்டும். என் பேலில் பார்த்தால் 30 நல்ல எடுப்பானவை, 50 நடுத்தரம், 20 போகச் சிரமப்படுபவை. எடுப்பான முப்பதுக்கு 650 வைத்தால் 19,500. நடுத்தரம் ஐம்பதுக்கு 520 வைத்தால் 26,000. இரண்டும் சேர்ந்து 45,500. வேண்டிய 52,600-ல் மீதி 7,100. அதை 20-ஆல் வகுத்தால் 355 ரூபாய். அந்த மங்கின ஊதாவை 355-க்கு முதல் நாளிலிருந்தே தைரியமாகக் கொடுக்கலாம், பேல் எனக்குத் தர வேண்டியதைத் தந்துவிடும்.

இதைச் சொன்னால் "அடக்கமே 465 ஆச்சே, 355-க்குக் கொடுத்தால் நட்டம்தானே" என்று பலர் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். நான் கொடுத்த 42,000, 120 சேலைக்கும் சேர்த்துக் கொடுத்த பணம். கடைக்காரர் ஊதாவுக்கு இவ்வளவு, ஜரிகைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்கவில்லை. தனித்தனியாக எடுத்திருந்தால் ஜரிகை பார்டர் சேலையை இந்த விலைக்குக் கொடுத்திருக்கவேமாட்டார், ஊதாவை நான் தொட்டிருக்கவேமாட்டேன். 465 என்பது நாம் வசதிக்காகப் போட்டுக்கொண்ட சராசரி. ஆனால் ஒன்று. 355 கட்டுபடியாவது 650-ம் 520-ம் குறையாமல் வந்தால்தான். தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று முதல் எண்பது சேலையிலும் ஆளுக்கு 30 ரூபாய் விட்டால் 2,400 ரூபாய் குறைந்துவிடும். லாபத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். எங்கள் பக்கம் பேரம் பேசாமல் யாரும் சேலை எடுப்பதில்லை, அதனால் விடப்போகிற 30-ஐ முதலிலேயே ஏற்றிச் சொல்வதைத் தவிர வழியில்லை.

கடனுக்குக் கொடுப்பதும் இதே வகுத்தல்தான் என்று அத்தை சொல்கிறார். தவணைக்குக் கொடுத்து வராமல் போன சேலையும் அவர் நோட்டில் டேமேஜ் பக்கத்தில்தான் இருக்கும். நூறில் மூன்று பேர் பாக்கி வைத்துவிட்டு வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அனுபவத்தில் தெரிந்தால், 52,600-ஐ 97-ஆல் வகுக்க வேண்டும். 526 என்பது 542 ஆகும்.

விற்க ஆரம்பித்தபின் நான் பார்க்கிற எண் இன்னொன்று இருக்கிறது. போட்ட முதல் கைக்குத் திரும்பி வருவது எத்தனையாவது சேலையில்? சராசரி 526 என்று வைத்து, டேமேஜ் பணத்தை இன்னும் எண்ணாமல் பார்த்தால், 88 சேலை விற்றாலும் 46,500 வரவில்லை. 89-வது சேலையில்தான் வருகிறது. அதாவது லாபம் என்பது கடைசிப் பதினொரு சேலையிலும் பீரோவில் கிடக்கிற டேமேஜ் கட்டிலும்தான் இருக்கிறது. எழுபது, எண்பது விற்றதும் டப்பாவில் கட்டுக்கட்டாகப் பணம் இருக்கும். லாபம் வந்துவிட்டது என்று நினைத்து மிச்சத்தை அண்ணிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுக்கத் தோன்றும். அந்த நேரத்தில் கொடுக்கிற ஒவ்வொரு சேலையும் முழுசாக லாபத்திலிருந்து போகிறது.

பேலை வாங்கி வந்தபின் விலை போடுவதைவிட, வாங்கும்போதே இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவது நல்லது என்று இப்போது பழகியிருக்கிறேன். போன மாதம் ஈரோட்டில் இன்னொரு கடையில் 96 உருப்படி லாட் ஒன்று இருந்தது. 33,000 சொன்னார். பத்து சேலை பிரித்துப் பார்க்க விட்டார், கேட்டால் சிலர் விடுவார்கள். மேலே இருப்பதை எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தேன். பத்தில் ஒன்று டேமேஜ். பத்தை வைத்து 96-ஐச் சொல்லிவிட முடியாது என்பதால் கொஞ்சம் கூட்டி எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். 12 போனால் 84.

அந்த ரகத்துக்கு எங்கள் தெரு சராசரியாக 480-க்கு மேல் கொடுக்காது. 84-க்கு 40,320. 20 சதவீத லாபம் போக, அதாவது 1.2-ஆல் வகுத்தால், நான் போடக்கூடிய மொத்த முதல் 33,600. வண்டி, கூலி, கவர், பஸ் எல்லாம் 2,100. மீதி 31,500. இதற்குள் 5 சதவீத வரியும் அடங்க வேண்டும், 1.05-ஆல் வகுத்தால் 30,000. டேமேஜில் வருவது எதையும் சேர்க்கவில்லை, அது எனக்குக் காப்பு.

30,000 என்றேன். அவர் 33,000-ல் நின்றார். கடை வாசலில் நின்றுகொண்டே போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 33,000-க்கு எடுத்தால் வரியும் செலவும் சேர்த்து முதல் 36,750, லாபம் 3,570. நான் நினைத்ததைவிட எட்டு சேலை அதிகமாக டேமேஜ் ஆனால் 3,840 ரூபாய் வரவு குறைந்து கை நட்டம். பத்து சேலையைத்தான் பார்த்திருக்கிறேன், மிச்சம் 86 மூட்டைக்குள் இருக்கிறது.

"31 ஆயிரம்னா எடுத்துக்கிறீங்களா?" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். முப்பதுக்கு மேல் வராது அண்ணா என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு கோபி பஸ் ஏறினேன்.